வினை கடைசியில் வந்தால் வேறென்ன வரும்? சொல்லொழுங்கில் வழக்கமாக விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் மொழியியல் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரு அட்டவணையை அடிக்கடி காண்கிறேன். இடப்பக்கம் தமிழ்: எழுவாய், செயப்படுபொருள், வினை. வலப்பக்கம் ஆங்கிலம்: எழுவாய், வினை, செயப்படுபொருள். அதற்குக் கீழே ‘ஆகவே’ என்று போட்டு, மிச்ச இலக்கணம் முழுவதையும் எதிரெதிராக அடுக்கியிருப்பார்கள். பாதி சரி. மற்றப் பாதியில் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது பிழை, எழுவாய்க்குத் தேவையில்லாத மதிப்புக் கொடுப்பது. எழுத்தரபியில் வினை முதலில் வரும், பிறகு எழுவாய், பிறகு செயப்படுபொருள். ஆங்கிலத்தில் எழுவாய்தான் முதலில். ஆனாலும் இரண்டிலும் ‘வீட்டில்’ என்பதன் ‘இல்’ வீட்டுக்கு முன்னால்தான் நிற்கிறது: ‘இன் த ஹவுஸ்’, ‘ஃபில் பைத்’. எழுவாய் எங்கே நின்றாலென்ன, செயப்படுபொருள் வினைக்கு முன்னா பின்னா என்பதே, ‘இல்’ போன்ற உருபு பெயருக்கு முன்னா பின்னா என்பது போன்ற மற்றவற்றை முன்கூட்டிச் சொல்கிறது.

அந்த ஒழுங்கைப் பேச்சில் காதில் விழுந்த ஒரு வசனத்தை வைத்துத் தீர்மானிக்கவும் கூடாது. “வாங்கிட்டன் மீன்” என்று சந்தையால் வந்த அண்ணை சொல்வார். அது வினையைச் சொல்லி முடித்தபின் ஒட்டிய சொல். அதையே ‘அண்ணை மீன் வாங்கிய சந்தை’ என்ற தொடருக்குள் வைத்துப் பாருங்கள். ‘அண்ணை வாங்கிய மீன் சந்தை’ என்று மாற்றினால் கருத்தே கெட்டுவிடும்.

அடுத்தது பெயரடை. 1963இல் ஜோசப் கிறீன்பேர்க் 30 மொழிகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. அதன் பின்வந்த சிலர், வினை கடைசியில் வந்தால் பெயரடை பெயருக்கு முன்னால் வரும் என்று ஒரே சூத்திரமாகச் சுருக்கினார்கள். தமிழில் ‘பெரிய வீடு’ என்பதால் நமக்கு அது இயல்பாகப் படுகிறது. ஆனால் ஆங்கிலத்திலும் ‘பிக் ஹவுஸ்’தானே! வினையைக் கடைசியில் வைக்கும் திபெத்தியமும் பாஸ்க்கும் ‘வீடு பெரிய’ என்ற ஒழுங்கில் சொல்கின்றன. 1992இல் மத்தியூ டிரையர் 625 மொழிகளைப் பார்த்து, பெயரடைக்கும் இந்த ஒழுங்குக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். அட்டவணையில் அந்த வரியை வெட்டிவிடலாம்.

எண்ணும்போதும் கவனம் வேண்டும். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கும் ஒரு தாய் பிள்ளைகள், நான்கு சாட்சிகள் அல்ல. சிங்களம் வேறு குடும்பம்தான், ஆனால் நூற்றாண்டுக்கணக்காகப் பக்கத்து வீடு. டிரையர் இதனால்தான் மொழிகளைத் தனித்தனியாக எண்ணாமல், நெருங்கிய உறவுள்ள மொழிகளின் குழுக்களாக எண்ணினார்.

பெரிய பிழை இனித்தான்: வினை கடைசியில் வந்தால் உருபு பெயருக்குப் பின்னால் வரும் என்ற தொடர்பை, காரணம் கேட்காமல், சட்டம்போல மனனம் செய்வது. காரணம் நம் வாயிலேயே கிடக்கிறது. ‘வீட்டைப் பற்றிப் பேசினோம்’ என்கிறோம். ‘பற்று’ என்றால் பிடி. ‘வீட்டைப் பற்றி’ ஒரு காலத்தில் செயப்படுபொருளும் வினையெச்சமும்தான். வினையின் பொருள் தேய்ந்து அது சொல்லுருபானது, ஆனால் நின்ற இடம் மாறவில்லை. ‘நோக்கி’, ‘குறித்து’, ‘கொண்டு’ எல்லாம் இப்படி வந்தவையே. ஆங்கிலத்திலும் இதே தேய்வு நடந்தது. ‘கன்சேர்னிங் த ஹவுஸ்’ என்பதில் வினை முன்னால் நின்றதால் உருபும் முன்னால் நிற்கிறது.

இன்னொரு வழி பெயர்ச்சொல். ‘மேசையின் மேல்’ என்பதில் ‘மேல்’ மேற்பக்கத்தைக் குறித்த பெயர், ‘மேசையின்’ அதற்கு உடைமை. சிங்களத்தில் ‘மேசய உட’ என்பதும் அதே ஒழுங்கு. வினை கடைசியில் வரும் மொழிகளில் உடைமைச் சொல் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வருவதால், அங்கே பிறக்கும் உருபு பின்னால் போய் நிற்கிறது.

இது விளங்கினால் விதிவிலக்குக்கும் பயப்படத் தேவையில்லை. பாரசீகத்தில் வினை கடைசியில், உருபோ முன்னால். விதி பொய் என்று வகுப்பில் உடனே ஒருவர் கை தூக்குவார். ‘மேசையின் மேல்’ என்பதைப் பாரசீகர் ‘ரூயே மீஸ்’ என்பார்கள். ‘மீஸ்’ மேசை, ‘ரூ’ என்றால் முகம். அந்த மொழியில் உடைமைச் சொல் பெயருக்குப் பின்னால் வரும்; ‘அலியின் புத்தகம்’ என்பதே ‘புத்தகம் அலி’ என்ற ஒழுங்கில்தான் வரும். ஆகவே ‘முகம்’ முன்னால் நின்று உருபாயிற்று. உருபு பிறந்த தொடர் எதுவோ, அதன் ஒழுங்கே அதற்கும். பாரசீகத்தில் அது உடைமைத் தொடராக இருந்ததால் வினையின் இடத்தை வைத்துக் கணித்தவர் பிழைவிட்டார்.