தட்டுப்போர் உள்ளே சூடாகிறதா? கம்பி சொல்லும்

ஈரம் முழுசாகக் காயாமல் சோளத்தட்டைப் போர் போட்டுவிட்டீர்களா? ஓர் ஆள் நீளக் கடப்பாரையையோ கம்பியையோ போரின் நடுவரை குத்தி, இரண்டு மணி நேரம் விட்டு உருவி, நுனியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் முதல் வாரத்தில் சகஜம். கையில் பிடிக்கவே முடியவில்லை என்றால் உள்ளே 60 டிகிரிக்கு மேல் போயிருக்கும்.

ஈரத்தட்டில் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் பெருகும்போது சூடு பிறக்கிறது. போரே கம்பளி மாதிரி அதை வெளியே விடாது. 70 டிகிரியைத் தாண்டினால் அப்புறம் நுண்ணுயிர் தேவையில்லை, தட்டே காற்றோடு வினைபுரிந்து சூடேறும். வெல்லப்பாகு தீய்ந்தது போன்ற வாசம் வரும். அந்த நிலையில் போரை அவசரமாகப் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். மேலே ஏறவும் கூடாது, உள்ளே கருகிப் பொந்தாகியிருக்கலாம். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மாதம் ஒன்றரை கடந்த, மழை படாத போருக்கு இது வேண்டியதில்லை. ஊறுகாய்ப் புல் குழிக்கும் பொருந்தாது. கம்பி குத்தினால் காற்றுப் புகுந்து அதுதான் கெடும்.