வளைகாப்பும் சோறு தீத்தலும் ஒரே வீடியோவில்: எங்கே பிசகுகிறது

போன வருடம் நான் எடுத்த ஒன்றரை நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு உவர்மலையில் இருந்து ஒரு இளம் தாய் குரல் செய்தி அனுப்பியிருந்தார். “அண்ணா, உங்கட வீடியோ பார்த்தனாங்கள். மகனுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறாம் மாசம் பிறந்திட்டுது. நாளைக்குச் சோறு தீத்தப் போறம்.” சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் திக்கென்றது. வீடியோவில் நான் சொன்ன வரி இது: “ஆண் பிள்ளைக்கு ஆறாம் மாதம், பெண் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் சோறு தீத்துவது வழக்கம்.” அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

திருகோணமலையில் விசேஷங்களுக்குப் படம் பிடிப்பதுதான் என் வேலை. வளைகாப்பும் சோறு தீத்தலும் எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஆனால் அவற்றை இளம் பெற்றோருக்கு விளக்க ஒரு சின்ன வீடியோ செய்யப் போனபோதுதான், பார்த்துப் பழகியதற்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் உள்ள தூரம் தெரிந்தது. இப்படி ஒரு வீடியோ செய்ய நினைப்பவர்கள் நான் விழுந்த குழிகளில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலாவது குழி மாதக் கணக்கு. அம்மம்மாமார் ‘ஆறாம் மாதம்’ என்றால் நடக்கின்ற மாதத்தைச் சொல்கிறார்கள். கிளினிக்கில் மிட்வைஃப் ‘ஆறு மாதம்’ என்றால் முடிந்த மாதத்தைச் சொல்கிறார். இலங்கையில் கிளினிக்கில் சொல்வதும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் ஒன்றுதான்: ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு சாப்பாடு.

ஒரு பிள்ளை மார்ச் 12 பிறந்தது என்று வையுங்கள். ஆறு மாதம் முடிவது செப்டம்பர் 12. ஆனால் நடக்கும் கணக்கில் ஆறாம் மாதம் ஓகஸ்ட் 12 அன்றே பிறந்துவிடுகிறது, ஒரு மாதம் முந்தி. ஐந்தாம் மாதம் என்றால் ஜூலை 12. அப்போது பிள்ளைக்கு நான்கு மாதம்தான் முடிந்திருக்கும். பல பிள்ளைகளுக்குத் துணை கொடுத்தாலும் இருக்கத் தெரியாத வயது அது. வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளிவிடும்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வழக்கத்தை விட்டுக்கொடுக்காமலே இதைத் தீர்க்கலாம். பெண் பிள்ளைக்கு ஒற்றை மாதம் என்று பிடிவாதமாக இருக்கும் வீட்டில் ஏழாம் மாதம் என்று சொன்னால் போதும். நடக்கும் கணக்கில் ஏழாம் மாதம் பிறக்கும் நாளும் ஆறு மாதம் முடியும் நாளும் ஒன்றுதான். ஆண் பிள்ளைக்கு இரட்டை மாதம் வேண்டுமா, ‘ஆறு முடிந்து’ என்று எண்ணச் சொல்லுங்கள். ஆக, இரண்டு பிள்ளைக்கும் ஒரே நாள்தான் வருகிறது. அந்த நாளில் இருந்து ஒரு கிழமைக்குள் ஐயர் ஒரு நல்ல நேரம் பார்த்துத் தருவார்.

மறுபக்கமும் ஒரு பிழை உண்டு. ஆறாம் மாதத்தைத் தவறவிட்டோம், இனி எட்டாம் மாதம்தான் என்று சாப்பாட்டையே தள்ளிப்போடுவது. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் மட்டும் பிள்ளைக்கு வேண்டிய இரும்புச்சத்து போதாது. துடக்கு வந்தாலோ நாள் அமையாவிட்டாலோ சடங்கைத் தள்ளலாம், சாப்பாட்டைத் தள்ளக்கூடாது. வீட்டில் தொடங்கிவிட்டு, சடங்கைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். கடவுள் கோபிக்கமாட்டார், மாமி கோபிப்பா. அதை வீடியோவில் தீர்க்க முடியாது.

சரி, இரண்டாவது குழிக்கு வருவோம். இது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. குரலில் நான் “ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக்கூடாது” என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த நேரம் திரையில் ஓடியது, அதற்கு முந்திய வருடம் எடுத்த ஒரு பழைய காட்சி. அப்பம்மா மோதிரத்தைத் தேனில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைக்கிறா. வெளிச்சம் அழகு, பிள்ளையின் முகம் அழகு. அதனால்தான் அதைப் போட்டேன். பஸ்ஸில், சமையலறையில், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களுக்குத் தேன் கொடுக்கும் படம் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். சொல்லும் படமும் முரண்பட்டால் படம்தான் மனதில் நிற்கும். செய்யக்கூடாததை அழகாகக் காட்டாதீர்கள். செய்ய வேண்டியதை மட்டும் காட்டுங்கள்.

தேனில் என்ன பிரச்சினை என்று கேட்டால் அரை வரி போதும்: அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. அதனால் புக்கையில் கலந்து சமைத்தாலும் தேன் தேன்தான்.

புக்கை என்றதும் அடுத்த கேள்வி வரும். கோயிலில் படைத்த சர்க்கரைப் புக்கையைத்தானே தீத்துகிறோம்? ஒரு வயதுக்கு முன் சீனி, சர்க்கரை, உப்பு சேர்க்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். புக்கைக்குள் கிடக்கும் கசுக்கொட்டையும் முந்திரிகை வற்றலும் பல் இல்லாத வாய்க்கு ஆபத்து, தொண்டையில் சிக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் இதற்கு அழகான வழி வைத்திருந்தார்கள். தம்பலகாமத்து வயல் அரிசியை நன்றாகக் குழைய வேகவைத்து, சர்க்கரை போடுவதற்கு முன்னால் அந்தப் பானையில் இருந்தே இரண்டு மேசைக்கரண்டி எடுத்துத் தனியாக வைத்தார்கள். அதைக் கரண்டியின் முதுகால் மசித்து, தாய் கொஞ்சம் தாய்ப்பால் கறந்து கலந்தா. மிச்சப் பானைக்குச் சர்க்கரை, கசு, ஏலம் எல்லாம் போட்டுச் சாமிக்குப் படைத்தார்கள். ஒரே பானை, ஒரே அரிசி. பெரியவர்களுக்கும் மனக்குறை இல்லை, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. வீடியோவில் பத்து விநாடி கொடுக்கத் தகுந்த காட்சி இதுதான்.

பதம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்வதைவிடக் காட்டலாம். கரண்டியைச் சரித்துப் பிடித்தால் சோறு சட்டென்று வழியக்கூடாது, கரண்டியிலேயே ஒட்டி நிற்க வேண்டும். கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தால் வயிறு நிறையும், சத்து போய்ச் சேராது. முதல் நாள் ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி வைத்துத் தீத்துவதைக் காட்டுங்கள். படுக்கவைத்து ஊட்டும் படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள்.

அப்புறம், பதினைந்து சொந்தக்காரர் வரிசையில் நின்று ஆளுக்கொரு விரலால் தீத்தும் காட்சி. படம் பிடிப்பவனுக்குக் கொண்டாட்டம், பிள்ளைக்கு இல்லை. தாய், தகப்பன், அம்மம்மா என்று இரண்டு மூன்று பேர் கை கழுவிவிட்டுக் கரண்டியால் தீத்தட்டும். மற்றவர்கள் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கட்டும். அதுவும் காலடியில். முகத்தில் தூவினால் ஒரு அரிசியாவது வாய்க்குள் போகும்.

வளைகாப்புப் பகுதியில் வரும் தவறுகள் வேறு மாதிரி. இங்கே பெரும்பாலும் பிழைப்பது நம்முடைய அதிகாரக் குரல். “தமிழர்களின் தொன்மையான வளைகாப்பு” என்று தொடங்கினேன். பார்த்த அம்மம்மா ஒருவர் சிரித்தார்: “எங்கட காலத்தில எங்கட வீட்டில இதெல்லாம் இருக்கேல்லை மகன். நல்லாச் சமைச்சுத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவினம், அவ்வளவுதான்.” ஒரு வீட்டில் ஐந்து வகைச் சாதம், இன்னொரு வீட்டில் ஏழு. ஒரு வீட்டில் ஏழாம் மாதம், இன்னொரு வீட்டில் ஒன்பதாம் மாதம். ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்பதை ‘பல வீடுகளில் இப்படிச் செய்வார்கள்’ என்று மாற்றினால் ஒரு விநாடிதான் கூடும், நூறு சண்டை குறையும். சீமந்தத்தையும் வளைகாப்பையும் ஒன்றாகக் குழப்பவும் வேண்டாம். சீமந்தம் ஐயர் மந்திரம் சொல்ல, கணவன் மனைவியின் வகிடு பிரித்துச் செய்யும் கிரியை. வளைகாப்பு பெண்கள் வளையல் போட்டு வாழ்த்துவது. எங்கள் ஊரில் இரண்டாவதை மட்டும் செய்கிற வீடுகள்தான் நான் அதிகம் பார்த்தவை.

இன்னொன்று, ‘விஞ்ஞானக் காரணம்’ தேடும் ஆசை. வளையல் சத்தத்தால் பிள்ளையின் மூளை வளரும் என்று நானும் எழுதிவைத்தேன், பிறகு வெட்டினேன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கடைசி மாதங்களில் சத்தம் கேட்கும் என்பது உண்மை. அதற்கு மேல் போவது கதை. வாழ்த்துக்கு ஏன் விஞ்ஞானச் சான்றிதழ்?

அதைவிடப் பயனுள்ள ஒரு விஷயம் இருக்கிறது: வளையல் அளவு. 2.4 என்றால் இரண்டேகால் அங்குல உட்குறுக்களவு, 2.6 என்றால் அதைவிட ஒரு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கூட. அந்த மாதங்களில் கை வீங்கியிருக்கும். வழக்கமான அளவைவிட ஒன்று பெரிதாக வாங்குங்கள். ஒரு வளைகாப்பில் மச்சாள் ஒருவர் சிறிய கண்ணாடி வளையலை அழுத்தித் தள்ளி, அது உடைந்து கர்ப்பிணியின் கையைக் கீறியதை நான் படம் பிடித்துக்கொண்டே பார்த்தேன். கையும் முகமும் திடீரென்று வீங்கி, தலையிடியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது வளையல் பிரச்சினை இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவையும் ஒன்றரை நிமிடத்தில் திணிக்கத்தான் நான் முதலில் பார்த்தேன். என் வேகத்தில் நிதானமாகப் பேசினால் ஒன்றரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொல். முதல் எழுத்துப் படி 600 சொல்லைத் தாண்டியது. இரண்டு சடங்குக்கும் பாதிப் பாதி நேரம் கொடுத்ததும் பிழைதான். வளைகாப்பில் தவறினால் பெரும்பாலும் மனவருத்தம், சோறு தீத்தலில் தவறினால் பிள்ளைக்குக் கெடுதல். இப்போது வளைகாப்புக்கு 25 விநாடி, மிச்சம் முழுவதும் சோற்றுக்கு. வளையல் அளவு, ‘தொன்மை’க் கதை, ஏழு சாதத்தின் பெயர்கள் எல்லாம் வெளியே போயின.

கடைசியாக ஒன்று. திருத்தத்தை வீடியோவின் கீழே எழுதுவதில் பயன் இல்லை. வட்ஸ்அப்பில் கைமாறும்போது கீழே எழுதியது விழுந்துவிடும், படம் மட்டும் போகும். என் பழைய வீடியோ அப்படித்தான் இன்னும் கனடாவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. முக்கியமான வரியைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். திரையின் அடியில் பொத்தான்கள் மறைக்கும், அதனால் நடுவுக்குச் சற்று மேலே. என் புதிய வீடியோவில் 30ஆவது விநாடியில் இருந்து அப்படி நிற்கும் வரி இது: “ஆறு மாதம் முடிந்த பிறகு. தேன் வேண்டாம்.”

உவர்மலைத் தாய்க்கு அன்றிரவே பேசினேன். சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று, சொந்தக்காரர் வருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த நாள் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, பெரியவர்கள் அறுகரிசி போட்டு, பெரியவர்களே புக்கையைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மகனுக்குச் சோறு தீத்தியது ஒரு மாதம் கழித்து. அதைப் படம் பிடிக்க என்னைக் கூப்பிட்டார், காசு வாங்கவில்லை.