கைப்பட்டி காட்டும் தூக்கப் புள்ளி: எதை நம்பலாம்?

ஹட்டனில் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. குளிருக்குப் பயந்து போர்வைக்குள் அசையாமல் ஒரு மணி நேரம் விழித்தே கிடக்கிறீர்கள். காலையில் பிட்னஸ் பேண்ட் அந்த நேரத்தை ‘இலேசான தூக்கம்’ என்று காட்டக்கூடும், புள்ளியும் 82 என்று தாராளமாக வரலாம். காரணம் எளிது. தூக்க நிலைகளைச் சரியாகப் பிரிக்க மூளை அலை, கண்ணசைவு, தசை இறுக்கம் ஆகியவற்றை அளக்க வேண்டும். பேண்ட் பெரும்பாலும் பார்ப்பதோ கையசைவையும் இதயத் துடிப்பையும்தான். ஆகவே ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று அது பிரித்துத் தரும் நிமிடங்கள் தோராயமான கணிப்புதான். ‘ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான்’ என்று கவலைப்படுவது வீண்.

மலையகக் குளிரில் இன்னொரு சிக்கல் உண்டு. கை சில்லிட்டால் தோலுக்கு வரும் இரத்தம் குறையும். பச்சை ஒளியால் துடிப்பை அளக்கும் உணரி தடுமாறும். துடிப்பு வரைபடத்தில் இடைவெளிகள் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டிக் கையைப் போர்வைக்குள் வைத்துப் பாருங்கள்.

படுக்கும் நேரம், எழும் நேரம், இரண்டு வாரப் போக்கு ஆகியவற்றுக்குப் பேண்ட் உதவும். ஆனால் பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால், புள்ளி 90 ஆனாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.