வட்டி நகராத கடன் அட்டவணை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு கடன் சரி என்று கண்டுபிடிக்க, கடன் விகிதத்தை 0, 10, 20 என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு வரிசையிலும் எடையிட்ட சராசரி மூலதனச் செலவைக் கணக்கிட்டு, எது குறைவு என்று பார்ப்பது வழக்கம். பேச்சில் இதை ‘வாக்’ என்போம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் போடும் அட்டவணைகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. நாங்கள் கற்ற காலத்தில் எல்லோரும் செய்த தவறுகள் அப்படியே இன்றும் வருகின்றன.

புத்தக மதிப்பில் எடை போடுவது, வரியைக் கழிக்க மறப்பது இரண்டையும் விட்டுவிடுகிறேன். எந்தப் பாடநூலும் முதல் பக்கத்திலேயே எச்சரித்துவிடும்.

## வட்டியை எல்லா வரிசையிலும் ஒன்றாக வைப்பது

இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. காரணம், இதைச் செய்பவர்கள் பாடத்தைப் படித்தவர்கள். கடன் ஏறினால் பங்குதாரரின் ஆபத்து ஏறும் என்று தெரிந்து, ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஆபத்தை அளக்கும் பீட்டாவை ஒழுங்காக மாற்றியிருப்பார்கள். அந்தத் திருப்தியில் கடனின் வட்டியை மட்டும் இன்று வங்கி வாங்கும் விகிதத்திலேயே கீழ்வரை இழுத்துவிடுவார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கடனே இல்லாமல் நிறுவனத்தின் மதிப்பு 1000. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இயக்க லாபம் ஆண்டுக்கு 160, வளர்ச்சி இல்லை. வரி 25%. ஆபத்தில்லா விகிதம் 6%, சந்தை ஆபத்துக்கான கூடுதல் 6%, கடன் நீக்கிய பீட்டா 1. அப்படியானால் கடனில்லாத நிலையில் மூலதனச் செலவு 12%. வரி போக 120. அதை 12 சதவீதத்தால் வகுத்தால் 1000. கணக்கு பொருந்துகிறது. இப்போது கடன் 20%, வட்டி 8%.

பீட்டாவை ஏற்ற, 1972-ல் ராபர்ட் ஹமாடா எழுதிய கட்டுரையோடு சேர்த்துச் சொல்லப்படும் சூத்திரத்தைத்தான் எல்லோரும் எடுப்பார்கள்:

```
βL = βU × (1 + (1 − t) × D/E)
```

இங்கே `βU` கடன் நீக்கிய பீட்டா, `βL` கடன் சேர்ந்த பீட்டா, `t` வரி விகிதம், `D/E` கடனைப் பங்கு மூலதனத்தால் வகுத்தது. `βL`-ஐச் சந்தைக் கூடுதலால் பெருக்கி, ஆபத்தில்லா விகிதத்தைக் கூட்டினால் பங்கின் செலவு. கீழே இரண்டு ‘வாக்’ பத்திகள் இருக்கின்றன. முதலாவது, வட்டி எப்போதும் 8% என்று வைத்தது. இரண்டாவது, லாபம் வட்டியைப் போல் எத்தனை மடங்கு என்பதைப் பார்த்து வட்டியை ஏற்றியது. அந்த மடங்கைத்தான் வட்டி கவரேஜ் என்கிறோம்.

| கடன் % | பங்கின் செலவு % | வட்டி % | கவரேஜ் | வாக், 8% வட்டியில் | வாக், ஏறும் வட்டியில் |
|---|---|---|---|---|---|
| 20 | 13.13 | 8.00 | 10.0 | 11.70 | 11.70 |
| 30 | 13.93 | 8.25 | 6.5 | 11.55 | 11.61 |
| 40 | 15.00 | 8.75 | 4.6 | 11.40 | 11.63 |
| 50 | 16.50 | 9.50 | 3.4 | 11.25 | 11.81 |
| 60 | 18.75 | 11.00 | 2.4 | 11.10 | 12.45 |
| 80 | 30.00 | 15.00 | 1.3 | 10.80 | 15.00 |

ஐந்தாம் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். பத்து சதவீதத்துக்கு 0.15 வீதம், துளியும் பிசகாமல் இறங்குகிறது. வரைந்தால் நேர்கோடு. அடிப்பகுதியே கிடையாது, எத்தனை வரிசை சேர்த்தாலும் கடைசி வரிசைதான் சிறந்தது என்று வரும். ஒருமுறை ஓர் இளைஞர் 80 சதவீதத்தை வட்டமிட்டுக் கொண்டுவந்தார். “இந்த நிலையில் எட்டு சதவீதத்துக்கு யார் கடன் தருவார்?” என்று கேட்டேன். “பீட்டாவைத்தான் மாற்றிவிட்டேனே சார்” என்றார். அங்கேதான் சிக்கல்.

அந்தச் சூத்திரம், கடன் கொடுத்தவருக்குச் சந்தை ஆபத்து எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. வட்டியும் மாறாமல் நின்றால், பங்கின் செலவு ஏறுவதும் பங்கின் எடை குறைவதும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். மிஞ்சுவது கடன் விகிதத்துக்கு நேர்விகிதமாக வரும் வரிச் சலுகையும், அதில் ஒரு பங்கைத் தின்னும் வட்டியின் கூடுதலும்தான். நம் உதாரணத்தில் முழுக் கணக்கும் இவ்வளவாகச் சுருங்கிவிடும்:

```
WACC = 12 − 0.75 × d × (10 − kd)
```

இங்கே `d` கடன் விகிதம், 20% என்றால் 0.2; `kd` வட்டி. `kd` மாறாவிட்டால் இது நேர்கோடு என்பது கண்ணுக்கே தெரிகிறது. அதாவது, உகந்த புள்ளியை உண்டாக்குவது பீட்டா இல்லை, ஏறும் வட்டிதான். உங்கள் அட்டவணையில் இந்தத் தவறு இருக்கிறதா என்று அறிய, பத்துப் பத்தாக ஏறும் அடுத்தடுத்த வரிசைகளின் வித்தியாசத்தை எடுங்கள். எல்லாம் ஒரே எண்ணாக வந்தால், வட்டி எங்கோ பூட்டப்பட்டிருக்கிறது.

அந்த 10 எங்கிருந்து வந்தது? 12-ஐ 0.75-ஆல் வகுத்தால் 16. அதில் நிறுவனத்தின் சொந்த ஆபத்துக்கான கூடுதலான 6-ஐக் கழித்தால் 10. வட்டி இதைத் தாண்டினால், கடன் வாங்கியிருப்பது வாங்காமல் இருப்பதைவிடச் செலவு என்று இந்தக் கணக்கு சொல்கிறது. அட்டவணை போடும் முன்பே இந்த எண்ணைக் கண்டுபிடித்து ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எந்த வரிசையில் வட்டி இதைக் கடக்கிறதோ, அதற்குக் கீழே தேட வேண்டியதில்லை.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பாருங்கள். 60 சதவீத வரிசையில், தவறான பத்தியின்படி நிறுவனத்தின் மதிப்பு 120-ஐ 11.1 சதவீதத்தால் வகுத்து 1081. ஏறும் வட்டியில் அதே வரிசையின் மதிப்பு 964. கடனே வாங்காதிருந்தால் 1000. மதிப்பு கூடும் என்று நம்பிக் கடன் வாங்கி, இருந்ததையும் குறைத்துக்கொள்ளும் நிலை இது. ஒரு நிறுவனத்தில் இப்படிப்பட்ட நேர்கோடு இயக்குநர் குழுவின் மேசை வரை போனதைப் பார்த்திருக்கிறேன். படம் அழகாக இருந்தது, யாரும் வட்டிப் பத்தியைப் பார்க்கவில்லை.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் வரும் 15% வாக் கொஞ்சம் மிகை. கடன் அந்த அளவுக்குப் போனால் வியாபார ஆபத்தில் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தவரும் சுமப்பார். சூத்திரமோ முழுவதையும் பங்குதாரர் தலையில் வைக்கிறது. அதனால் ஒரே ஆபத்து இரண்டு பத்தியிலும் எண்ணப்படுகிறது. கடனுக்கும் ஒரு பீட்டா கொடுத்து இதைச் சரிசெய்யலாம். நாம் தேடும் 20 முதல் 40 வரையான பகுதியில் இது தரும் மாற்றம் கடைசி வரிசையைவிடக் குறைவு.

## வட்டிச் சுற்றை ஒரே சுற்றில் நிறுத்துவது

வட்டி கவரேஜைப் பொறுத்தது, கவரேஜ் வட்டியைப் பொறுத்தது. ஆகவே ஒரு முறை கணக்கிட்டு நிறுத்தக் கூடாது. இந்த உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்ட படிகள் இவை: கவரேஜ் 8-க்கு மேல் 8%, 6 முதல் 8 வரை 8.25%, 4.5 முதல் 6 வரை 8.75%, 4 முதல் 4.5 வரை 9%, 3 முதல் 4 வரை 9.5%, 2 முதல் 3 வரை 11%, அதற்கும் கீழே 15%. நிஜ வேலையில் இதே தொழிலில் உள்ள நிறுவனங்களின் கடன் தரமதிப்பீட்டையும், அந்தத் தரத்துக்குச் சந்தை கேட்கும் வட்டியையும் பார்த்து இதைத் தயாரிக்க வேண்டும்.

50% வரிசையை எடுங்கள். கடன் 500. 8 சதவீதத்தில் வட்டி 40, கவரேஜ் சரியாக 4. அந்தப் படியில் வட்டி 9%, எனவே தொகை 45, கவரேஜ் 3.6. அது அடுத்த படி, 9.5%. தொகை 47.5, கவரேஜ் 3.4. இனி படி மாறவில்லை; நிறுத்தலாம். முதல் சுற்றிலேயே நிறுத்தியவர் 9% என்று எழுதியிருப்பார்.

அப்புறம் இன்னொரு சோதனை. அதே வரிசையை 11 சதவீதத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். தொகை 55, கவரேஜ் 2.9, படி 11%. அதுவும் அப்படியே நின்றுவிடுகிறது! ஒரே கடனுக்குப் பொருந்தி வரும் வட்டி இரண்டு. கணக்கில் பிழை இல்லை. இரண்டு படிகளின் விளிம்பில் அந்த வரிசை நிற்கிறது என்று அர்த்தம். லாபம் கொஞ்சம் சறுக்கினால் அடுத்த படிக்குப் போய்விடும் வரிசை அது. அங்கே வரும் எண்ணை நம்பிக் கடன் வாங்காதீர்கள். எல்லா வரிசைகளையும் குறைந்த வட்டியில் ஒருமுறை, அதிக வட்டியில் ஒருமுறை தொடங்கி ஓட்டிப் பார்த்தால் எவை விளிம்பில் என்று தெரிந்துவிடும்.

## புது வட்டியைப் புதுக் கடனுக்கு மட்டும் போடுவது

ஒவ்வொரு வரிசையும் “நிறுவனம் முழுக்க இந்த விகிதத்தில் நின்றால்” என்ற கேள்விக்கான பதில். எனவே மொத்தக் கடனுக்கும் அந்த வரிசையின் வட்டிதான்.

## இன்றைய பீட்டாவையே ஏற்றுவது

அதில் ஏற்கெனவே கடன் இருக்கிறது. முதலில் இறக்குங்கள், பிறகு ஏற்றுங்கள்.

## அடிப்புள்ளியை ஒற்றை எண்ணாக அறிவிப்பது

30 சதவீதத்தில் 11.61, 40-ல் 11.63. இந்த 0.02 வித்தியாசத்தை வைத்து “உகந்தது 30” என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பீட்டாவின் மதிப்பீட்டுப் பிழையே இதைவிடப் பல மடங்கு பெரிது. 20-லிருந்து 30-க்குப் போனால் மதிப்பு 1026-லிருந்து 1034 ஆகும், அதாவது ஒரு சதவீதம்கூட இல்லை. 60-க்குப் போனால் 964. இடப்பக்கம் பள்ளம் சமதளம் போல, வலப்பக்கம் செங்குத்து. அதனால் அறிக்கையில் ஒரு வரம்பைக் கொடுத்து, அதன் குறைந்த கடன் பக்கமே பாதுகாப்பு என்று எழுதுவேன்.

## வரிச் சலுகை முழுதும் கிடைக்கும் என்று நம்புவது

பல நாடுகளில் வட்டிக் கழிவுக்கு உச்சவரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி, வட்டி, வரி, தேய்மானம் மூன்றுக்கும் முந்தைய லாபத்தில் 30%. நம் உதாரணத்தில் தேய்மானம் இல்லை என்று கொண்டால் வரம்பு 48. 60% வரிசையில் வட்டி 66. அதில் 18-க்கு அந்த ஆண்டு கழிவு இல்லை. 25% வரியை எல்லா வரிசையிலும் அப்படியே கழித்தால் அது தெரியாது.

## நல்ல வருட லாபத்தை வைத்துக் கணக்கிடுவது

160 என்பது சராசரியா, உச்சமா? லாபம் 40% குறைந்து 96 ஆனால், கடன் தொகைகளை மாற்றாமல், அதே படிகளை வைத்து மறுபடி ஓட்டுங்கள். 20% வரிசையில் வட்டி 8.75, வாக் 11.81. 30% வரிசையில் வட்டி 9.5, வாக் 11.89. முன்பு சிறந்ததாக நின்ற 30 இப்போது 20-க்குப் பின்னால் போகிறது. 50% வரிசையோ ஒரே மூச்சில் கடைசிப் படிக்கு விழுந்து, வட்டி 15, வாக் 13.88 என்று நிற்கிறது. லாபம் ஏறி இறங்கும் தொழில் என்றால், இந்த இரண்டாவது அட்டவணையின் அடிப்புள்ளியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.