மில்லின் ரேட்டை மலைக்குக் கொண்டு போகாதீர்கள்

சேலத்தில் சேகோ மில், விசைத்தறி, வெள்ளிக் கொலுசு என்று பரம்பரைத் தொழில் நடத்தும் குடும்பங்களில், அடுத்த தலைமுறை புதிதாக ஏதாவது செய்ய ஆசைப்படுகிறது. பெரும்பாலும் அது ஏற்காட்டில் ஒரு விடுதியாக இருக்கும். திட்ட அறிக்கையை என்னிடம் கொண்டு வருவார்கள். கூட்டல் பிழை, எக்செலில் ஆண்டு மாறிப்போவது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது, கணக்கு சரியாக இருந்தும் டிஸ்கவுண்ட் ரேட்டால், அதாவது வரும் வருடங்களின் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் போடும் சதவீதத்தால், முடிவு தப்பாகிற இடங்கள்.

கம்பெனியின் ரேட்டையே புதுத் தொழிலுக்கும் போடுவது

இதைத்தான் அதிகம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபமும் வருகிறது. ஆத்தூர் பக்கத்திலிருந்து சேகோ மில் குடும்பத்துப் பையன் ஒருவர் வந்தார். ஏற்காட்டில் பத்து வருடக் குத்தகை நிலத்தில் விடுதி. கட்டடம், சாமான் எல்லாம் சேர்த்து 4 கோடி ரூபாய். வரி போக ஆண்டுக்கு 78 லட்சம் கையில் வரும். பத்து வருடம் முடிந்ததும் இடம் உரிமையாளருக்குப் போய்விடும். டிஸ்கவுண்ட் ரேட் 12 சதவீதம் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“எங்க மில்லுக்கு எப்பவும் அதாங்கண்ணா போடுவோம். பேங்க்ல பத்துக்கே தர்றேன்னு சொல்லிட்டாங்க. பன்னெண்டே ஜாஸ்திதானே?”

வங்கி பத்துக்குத் தருவது விடுதியை நம்பி அல்ல. மில்லின் பத்திரத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு தருகிறது. விடுதி படுத்துவிட்டாலும் மில்லை வைத்து வசூல் செய்துகொள்ளும். அதாவது விடுதியின் ஆபத்து எங்கும் மறையவில்லை. வங்கியின் தோளிலிருந்து இறங்கி குடும்பத்தின் தோளில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த விடுதியை மட்டும் காட்டி, மில் பத்திரம் இல்லாமல் கடன் கேளுங்கள், எத்தனை சதவீதம் சொல்கிறார்கள் பார்ப்போம் என்றேன். பதில் இல்லை.

டிஸ்கவுண்ட் ரேட் என்பது, இதே அளவு ஆபத்துள்ள வேறொரு இடத்தில் அந்தப் பணத்தைப் போட்டிருந்தால் எதிர்பார்க்கக்கூடிய வருமானம். ஆகவே பணம் எங்கே போகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். யாரிடமிருந்து வருகிறது என்பது அல்ல.

ஜவ்வரிசியும் விடுதியும் எப்படி வேறுபடுகின்றன? மரவள்ளி விளைச்சலைப் பொறுத்து ஜவ்வரிசி விலை ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் விழும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நாட்டின் பொருளாதாரம் படுத்தாலும் மகாராஷ்டிரத்தில் விரத நாளில் ஜவ்வரிசி கிச்சடி செய்வதை விட மாட்டார்கள். விடுதி அப்படி இல்லை. பெங்களூருவில் சம்பளம் குறைந்தால் முதலில் நிற்பது சனி ஞாயிறு ஏற்காடு பயணம்தான். எல்லாத் தொழிலும் தேய்கிற நேரத்தில் இது கூடுதலாகத் தேயும். ரேட்டில் ஏற வேண்டியது இந்த வகை ஆபத்து. பீட்டா என்ற எண் அளப்பதும் இதைத்தான்: பங்குச்சந்தை ஏறி இறங்கும்போது ஒரு தொழில் அதைப்போல எத்தனை மடங்கு ஆடுகிறது என்பதை.

அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். பங்குச்சந்தையில் உள்ள ஹோட்டல் கம்பெனிகள் சிலவற்றின் பீட்டா சராசரி 1.6 என்றும், அவற்றின் கடன் பங்கு மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றும், வரி 25 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த பீட்டாவில் கடனால் வந்த ஏற்றமும் கலந்திருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும்:

```
1.6 / (1 + 0.75 × 0.2) = 1.39
```

ஏறக்குறைய 1.4. அரசுப் பத்திரத்துக்கு 7 சதவீதம், சந்தை அதற்கு மேல் தருவது 7 சதவீதம் என்று வைத்தால், 7 + 1.4 × 7 = 16.8. சரி, 17 என்று வைப்போம். மில்லுக்கு இதே வழியில் 0.7 பீட்டா போட்டால் 12 தான் வருகிறது. அவர்கள் மில்லுக்குப் போட்ட 12 தவறே இல்லை, மில்லுக்கு. கடன் வட்டியால் கிடைக்கும் வரிச் சலுகையை நான் சேர்க்கவில்லை. இந்த அளவு கடனுக்கு அது அரை சதவீதத்தைக்கூடக் குறைக்காது.

இப்போது எக்செலில் இரண்டு ஃபார்முலா, லட்சத்தில்:

```
=PV(12%,10,-78)-400
=PV(17%,10,-78)-400
```

முதலாவது கிட்டத்தட்ட 41 லட்சம் லாபம் என்கிறது. இரண்டாவது 37 லட்சம் நஷ்டம் என்கிறது. திட்டம் தருகிற வருமானம் ஆண்டுக்கு 14.4 சதவீதம்தான். மில்லாக இருந்தால் அது போதும், விடுதிக்குப் போதாது. 78 லட்சம் உறுதி என்றால் இதற்கு 3 கோடியே 63 லட்சத்துக்கு மேல் போடக் கூடாது. பையன் அந்த எண்ணை எழுதிக்கொண்டு கட்டட கான்ட்ராக்டரிடம் பேசப் போனார்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டியலில் உள்ள ஹோட்டல்கள் பெரியவை, பல ஊர்களில் கிளை உள்ளவை. பன்னிரண்டு அறை விடுதிக்கு அவற்றின் பீட்டா தோராயமான வழிகாட்டிதான். அதிலும் ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தும் இரண்டே தொழிலில் முடங்கியிருந்தால், சந்தை தருகிற 17ஐ விடக் கூடுதலாக எதிர்பார்ப்பது அவர்கள் உரிமை. 17க்குக் கீழே இறங்கத்தான் காரணம் கிடையாது.

ஒரே ஆபத்தை இரண்டு தடவை கழிப்பது

மேலே சொன்னதைக் கேட்ட பிறகு சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். மலைப்பாதையில் மண் சரிந்தால் ரோடு அடைபடும், போர்வெல்லில் தண்ணீர் வராமல் போகலாம், இரண்டாவது வருடம் அறைகள் நிரம்பாமல் இருக்கலாம். இதற்கெல்லாம் ரேட்டை 17இலிருந்து 22க்கு ஏற்றிவிடுகிறார்கள். அதே அறிக்கையில் வருமானத்தையும் குறைத்திருப்பார்கள்.

மண் சரிவும் போர்வெல்லும் பொருளாதாரத்தோடு சேர்ந்து ஆடுவதில்லை. அவை வருமான எண்ணுக்குள்தான் வர வேண்டும். நல்ல மே மாதம், கெட்ட மழைக்காலம், தண்ணீர் லாரிச் செலவு எல்லாவற்றையும் அவற்றின் வாய்ப்போடு சேர்த்து சராசரி எடுங்கள். அந்த 78 லட்சம் “எல்லாம் சரியாகப் போனால்” வருகிற எண்ணாக இருந்தால் அதைத் திருத்துங்கள், ரேட்டைத் தொடாதீர்கள். ஏனென்றால் ரேட்டில் ஏற்றிய ஐந்து சதவீதம் ஆண்டுக்கு ஆண்டு பெருகும். பத்தாம் வருட வருமானத்தை அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டிவிடும். போர்வெல் பிரச்சினையோ முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும்.

கடைசிச் செலவுக்கும் 17 போடுவது

குத்தகை முடியும்போது இடத்தைச் சீர்செய்து தர 40 லட்சம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 17இல் அது இன்றைக்கு 8 லட்சமாகச் சுருங்கிவிடும். தொழில் நடந்தாலும் படுத்தாலும் கட்டியே ஆக வேண்டிய பணம் அது. கடன் வட்டியான பத்தைப் போடுங்கள், 15 லட்சம் வரும்.

பயத்துக்கு 25 போடுவது

எங்கிருந்து வந்தது அந்த எண் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாவிட்டால், அழித்துவிடுங்கள்.

பாதுகாப்பான வேலைக்கும் 12 போடுவது

இதே தவறின் மறுபக்கம். மில் கூரையில் சோலார் போட்டால் கிடைப்பது பெரும்பாலும் கரண்ட் பில்லில் வரும் மிச்சம். ஜவ்வரிசி வியாபாரத்தை விட ஆபத்து குறைவு. அதற்கு 12க்குக் கீழேதான் ரேட் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 12 என்று வைக்கிற வீட்டில் சோலார் தள்ளுபடியாகும், விடுதி தேறும். இரண்டு மூன்று முடிவுகள் இப்படிப் போனால் கம்பெனியே ஆபத்தானதாக மாறியிருக்கும், அப்புறம் மில்லுக்கும் 12 பொருந்தாது.