கல் வைத்த நகையா? சேதாரம் எந்த எடைக்கு என்று பாருங்கள்

நகைக்கடை பில்லில் தங்கத்தின் எடை, சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி நான்கும் தனித்தனி வரியாக இருந்தால்தான் கணக்கைச் சரிபார்க்க முடியும், "மொத்தம் இவ்வளவு" என்று துண்டுச்சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கல் வைத்த ஆரம் ஒன்று 18 கிராம், அதில் கல் 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தங்கம் 16 கிராம்தான். 12 சதவீதச் சேதாரத்தை 16க்குப் போட்டால் 1.92 கிராம், 18க்குப் போட்டால் 2.16. கிராம் 10,000 ரூபாய் என்றால் அந்த 0.24 கிராமுக்கே 2,400 ரூபாய், அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி வேறு! அப்புறம், பேரம் பேசுவதாக இருந்தால் சேதாரத்தில் பேசுங்கள், அன்றைய தங்க விலையில் ஒன்றும் இறங்காது.