பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று உங்கள் குழுவில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

வெளியிலிருந்து விண்ணப்பித்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். உள்ளேயே இருப்பவர் அப்படியல்ல. நாளைக் காலையும் உங்கள் எதிரில்தான் உட்காரப் போகிறார். புதிதாக மேலாளர் ஆனவர்கள் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுவதற்கும், பூசி மெழுகுவதற்கும் அதுதான் காரணம்.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் குழுவில் டீம் லீட் இடம் காலியாகிறது. நான்கு வருடமாக அங்கே இருக்கும், வேலையில் கெட்டிக்காரரான ஒருவர் விண்ணப்பிக்கிறார். அவருக்குக் கிடைக்கவில்லை.

படி 1: உண்மையான காரணத்தை எழுதிப் பாருங்கள்

அதிக நேரம் தர வேண்டியது இதற்குத்தான். நேர்காணல் குறிப்புகளை எடுத்து, முடிவைத் தீர்மானித்த காரணம் எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் "தலைமைப் பண்பு போதவில்லை" என்பது மாதிரி இருக்கும். அது காரணம் அல்ல, ஒரு முத்திரை. நான் ஒருமுறை இன்னொருவரிடம் "கம்யூனிகேஷன் இன்னும் கொஞ்சம் வேணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் போய் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தார். நான் சொல்ல நினைத்ததோ, வேலை தாமதமாகும்போது அவர் முன்கூட்டியே தெரிவிப்பதில்லை என்பதை. அவருடைய மூன்று மாத உழைப்பு என் மழுப்பலால் வீணானது.

அதனால் நடந்த சம்பவத்தை எழுதுங்கள். நம் உதாரணத்தில் அது இப்படி: "கடந்த வெளியீட்டில் இரண்டு பேர் பின்தங்கியபோது, அவர்கள் வேலையையும் நீங்களே வாங்கி இரவில் முடித்தீர்கள். யாருக்கும் சொல்லவில்லை. நேர்காணலில் அதே மாதிரிச் சூழலைக் கொடுத்தபோதும் 'நானே முடித்துவிடுவேன்' என்றீர்கள். லீட் ஆக இருப்பவர் வேலையை மாற்றிப் பிரிக்க வேண்டும், தாமதத்தை முதலிலேயே சொல்ல வேண்டும்."

எழுதியதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை மட்டும் அவர் சரிசெய்திருந்தால் தேர்வாகியிருப்பாரா? இல்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. இன்னொருவரின் அனுபவம்தான் தீர்மானித்தது என்றால் அதையே சொல்லுங்கள். இல்லாத குறையை அவர் மேல் சுமத்தாதீர்கள்.

படி 2: அறிவிப்புக்கு முன்பே, நேரில்

குழுவுக்கு அறிவிக்கும் முன் அவருக்குத் தெரிய வேண்டும். அரை மணி நேரம், கதவு மூடிய அறை. பேசி முடித்ததும் அவர் நேராக ஒரு மீட்டிங்குக்கு ஓட வேண்டியிராத நேரமாகப் பாருங்கள்.

படி 3: முதல் இரண்டு வாக்கியத்திலேயே செய்தி

"டீம் லீட் இடத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏன் என்று முழுசாகச் சொல்கிறேன்." பாராட்டில் ஆரம்பிக்காதீர்கள். இரண்டு நிமிடம் புகழ்ந்தால், கிடைத்துவிட்டது என்றே அவர் நினைப்பார். சொன்னபின் நிறுத்துங்கள். அந்த அமைதியை நிரப்பத்தான் "அடுத்த முறை உங்களுக்குத்தான்" என்ற வாக்குறுதி வாயில் வரும். அடுத்த இடம் உங்கள் கையில் இல்லை, அதனால் சொல்லவே கூடாது. "நான் உங்களுக்காகத்தான் பேசினேன், மேலே ஒத்துக்கவில்லை" என்பதும் வேண்டாம். முடிவில் உங்களுக்கும் பங்கு இருந்தால் "முடிவு செய்தோம்" என்றே சொல்லுங்கள்.

அப்புறம், எழுதி வைத்த காரணத்தைச் சொல்லுங்கள். "அவர் எந்த விதத்தில் என்னைவிட மேல்?" என்று கட்டாயம் கேட்பார். "அவருடைய மதிப்பீட்டை நான் பேச முடியாது. உங்களுடையதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்" என்பதே சரியான பதில்.

படி 4: வளர்ச்சித் திட்டம் வேறொரு நாளில்

ஏமாற்றத்தில் இருப்பவர் காதில் திட்டம் ஏறாது. மூன்று நாள் கழித்து உட்காருவோம் என்று தேதி மட்டும் குறித்துவிட்டு அனுப்புங்கள்.

அந்தச் சந்திப்பில் பயிற்சி வகுப்புப் பட்டியலை நீட்டாதீர்கள். குறை வேலையில் தெரிந்தது, வேலையில்தான் சரியாகும். நம் உதாரணத்தில், அடுத்த சிறிய வெளியீட்டை அவர் பொறுப்பில் விடலாம்: மூன்று பேர், ஆறு வாரம், நிரல் எழுதும் வேலை எதுவும் அவருக்குக் கிடையாது. வாரம் ஒருமுறை நீங்கள் கேட்பது இரண்டே கேள்வி: எது தாமதமாகும் போலிருக்கிறது? யாரிடமிருந்து யாருக்கு வேலையை மாற்றினீர்கள்? இரண்டாவது வாரமும் "எல்லாம் சரியாகப் போகிறது" என்று மட்டும் பதில் வந்தால், பழையபடி அவரே சுமக்கத் தொடங்கிவிட்டார் என்று சந்தேகப்படுங்கள். குழுவினரிடமும் விசாரியுங்கள்.

பேசியதை அன்றே ஐந்தாறு வரியில் அவருக்கு எழுதி அனுப்புங்கள்: காரணம், கொடுத்த வேலை, மறுபடி பார்க்கும் தேதி. வரும் ஒரு வருடத்தில் அப்படி ஓர் இடம் காலியாகும் வாய்ப்பு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், அதையும் சேர்த்தே எழுதுங்கள். காத்திருப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்று அவர் முடிவெடுக்க அந்த வரி தேவை.